கொக்கியா, நெளியா?

வியட்நாமிய மொழியை முதலாண்டு படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு டிக்டேஷன் வைக்க ஒரே ஒரு வாக்கியம் கேட்டால், நான் இதைத்தான் கொடுப்பேன்:

Bà tôi bán cá ở chợ cũ.

‘என் பாட்டி பழைய சந்தையில் மீன் விற்கிறார்’ என்று பொருள். மொத்தம் ஏழு அசைகள்தான். ஆனால் ஹனோய் பேச்சில் உள்ள ஆறு தொனிகளும் இதற்குள் வந்துவிடுகின்றன. வியட்நாமிய மொழியில் தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். bán என்றால் விற்பது, bàn என்றால் மேசை, bạn என்றால் நண்பர். நாம் கேள்வி கேட்கும்போதோ கோபப்படும்போதோ குரலை ஏற்றி இறக்குவதுபோல் அங்கே செய்ய முடியாது. ஏற்ற இறக்கம் ஒவ்வொரு சொல்லோடும் பிறந்தது.

வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். முதல் சொல்லில் இடமிருந்து வலமாகக் கீழே சரியும் கோடு இருக்கிறது. குரல் மெல்ல இறங்க வேண்டும். இதற்கு ஹுயென் என்று பெயர். அடுத்த சொல்லில் தொனிக்குறியே இல்லை, குரல் சமமாகப் போகும். அங்கே o-வின் தலையில் இருக்கும் தொப்பி தொனிக்குறி இல்லை. அது உயிரெழுத்தின் வடிவம். புதிதாக வருபவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. bán, cá இரண்டிலும் இருப்பது மேலேறும் கோடு, அதாவது சாக். ở என்பதில் இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன: எழுத்தின் வலது தோளில் ஒட்டிய சிறு கொம்பு உயிரெழுத்தைச் சேர்ந்தது, தலைக்கு மேல் நிற்கும் கொக்கிதான் தொனிக்குறி. அந்தத் தொனியின் பெயர் ஹோய். chợ என்பதில் அதே கொம்போடு கீழே ஒரு புள்ளி, அது நாங். கடைசிச் சொல்லான cũ மீது இருப்பது நெளிகோடு, அதன் பெயர் ஙா.

போர்ச்சுகீசியப் பாதிரியார்களின் உழைப்பைத் தொடர்ந்து, அலெக்சாந்தர் தெ ரோட் 1651இல் ரோமில் அச்சிட்ட அகராதியிலேயே இந்தக் குறிகள் இருக்கின்றன. இவ்வளவு காலம் கடந்தும் மாணவர்களைப் பாடாய்ப் படுத்துபவை கொக்கியும் நெளியும்தான். அதனால் அந்தக் கடைசிச் சொல்லிலேயே சற்று நிற்போம்.

திருத்தும் மேசைக்கு மூன்று தாள்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் cú என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் củ, மூன்றாமவர் cu. மூன்றும் தவறு, மூன்றுக்கும் ஒரு மதிப்பெண் போய்விடும். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு.

முதலாமவருக்குக் காதில்தான் குறை. ஹனோய் பேச்சில் சாக் தொனியும் ஙா தொனியும் மேலேறித்தான் முடியும். வித்தியாசம் என்னவென்றால், ஙாவில் ஏறும் வழியில் தொண்டை ஒரு கணம் அடைபட்டுத் திறக்கும். அந்த நடு உடைப்பு காதில் விழாதவர் வெறும் ஏற்றத்தை மட்டும் கேட்டு cú என்று எழுதிவிடுவார். அதற்கு ‘ஆந்தை’ என்று அர்த்தம். இவருக்கு வேண்டியது, cú, cũ இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காட்டும் கேட்புப் பயிற்சி.

இரண்டாமவரின் தாளைத் திருத்துமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஒலிப்பதிவில் பேசியவர் எந்த ஊர்க்காரர்? சைகோன் உள்ளிட்ட தென் பகுதிப் பேச்சில் ஹோய், ஙா இரண்டும் ஒரே தொனியாகக் கலந்துவிட்டன. cũ என்றாலும், ‘கிழங்கு’ என்று பொருள்படும் củ என்றாலும் அங்கே ஒலி ஒன்றே. நம்மில் பலர் ‘ல’வும் ‘ள’வும் ஒன்றாகவே உச்சரித்துவிட்டு, எழுதும்போது தடுமாறுவது போலத்தான். குரல் தெற்கத்தியது என்றால் இந்த மாணவரின் காது மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது; குறை எழுத்து நினைவில்தான். அவரை நூறு முறை கேட்கவைத்தாலும் பயன் இல்லை.

மூன்றாமவர் எழுத்துகளைத் துரத்திக்கொண்டு ஓடியதில் குறியை விட்டுவிட்டார். இதற்கு மருந்து வியட்நாமின் ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கிறது. அங்கே பிள்ளைகள் எழுத்துக்கூட்டும்போது முதலில் மெய், பிறகு உயிர், பிறகு தொனி இல்லாத அசை, அதன்பின் தொனியின் பெயர், கடைசியில் முழுச் சொல் என்று வாய்விட்டுச் சொல்வார்கள். ‘க, உ, கு, ஙா, கூ’ என்கிற மாதிரி அது ஓடும். தொனியின் பெயரைச் சொல்லாமல் சொல் முடிவதே இல்லை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஹோய், ஙா என்ற பெயர்களின் மெய்யும் உயிரும் வேறு வேறு என்பதால், தொனிகளை ஒன்றாக உச்சரிக்கும் தெற்கத்திக்காரர்கூடப் பெயரைச் சொல்லி எது என்று தெளிவாக்கிவிடலாம்.

நினைவில்தான் வைக்க வேண்டும் என்றால் மொத்தமும் மனப்பாடமா? முழுக்க அப்படியில்லை. இரட்டித்து வரும் சொற்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. குறியில்லாதது, சாக், ஹோய் மூன்றும் ஒரு குடும்பம். ஹுயென், ஙா, நாங் மூன்றும் மற்றொன்று. பெரும்பாலும் இரண்டு அசைகளும் ஒரே குடும்பத்தில் நிற்கும். ‘சுத்தம்’ என்ற sạch sẽ-யில் முதல் அசைக்குக் கீழே புள்ளி இருப்பதால் அடுத்தது நெளி. ‘மகிழ்ச்சி’ என்ற vui vẻ-யில் முதல் அசைக்குக் குறியில்லை, எனவே அடுத்தது கொக்கி. விதிவிலக்குகள் உண்டு என்றாலும் முதலாண்டுக்கு இது நல்ல கைத்தடி. ஆனால் nghỉ (ஓய்வெடுப்பது), nghĩ (நினைப்பது) போன்ற தனிச் சொற்களுக்கு இந்த விதி உதவாது. இவற்றை வாக்கியத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

காதுக்கு உதவும் விதியும் ஒன்று இருக்கிறது. p, t, c, ch இவற்றில் முடியும் அசைகள் சாக், நாங் தவிர வேறு தொனியை ஏற்காது. ‘நல்ல’ என்ற tốt, ‘அழகு’ என்ற đẹp, ‘படிப்பது’ என்ற học எல்லாம் இப்படித்தான். இந்த இடத்தில் மாணவர் கொக்கியோ நெளியோ போட்டிருந்தால், அவருக்கு இந்த விதியே தெரியாது என்று பிடித்துவிடலாம்.

இனி ‘பொருத்துக’ பயிற்சி. ma, má, mà, mả, mã, mạ என்று இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு படங்கள் என்று கொடுக்கும் வழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்து தெரிந்தால் ஆறாவது தானாக விழும். நான்குதான் தெரியும் என்றாலும் மீதி இரண்டில் பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம். மதிப்பெண் முழுதாக வரும், கொக்கியும் நெளியும் பிடிபடாமலே போகும். தவிர, கல்லறையும் (mả) நெல் நாற்றும் (mạ) முதலாண்டு மாணவர் அன்றாடம் பேசும் சொற்களா?

ஆறு குறிகள் கொடுத்தால் ஒலிகளை எட்டாக்குங்கள். ஒரு குறிக்கு மூன்று ஒலி வரட்டும், இன்னொன்றுக்கு ஒன்றுமே வராமல் போகட்டும். நீக்கிப் பார்த்து ஊகிக்கும் வழி அடைபடும். bán, bàn, bạn போலப் புழங்கும் சொற்களாக எடுங்கள். படத்தோடு பொருத்தும் முன் குறியோடு மட்டும் பொருத்தச் சொல்லுங்கள். படம் வந்துவிட்டால் சோதிக்கப்படுவது சொல்லறிவா, காதா என்று பிரிக்க முடியாது.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே. ஒலிப்பதிவின் குரல் வடக்கா தெற்கா என்று தாளின் மேலே எழுதுங்கள். குரல் தெற்கு என்றால், பாடத்தில் வராத புதுச் சொல்லில் கொக்கிக்குப் பதில் நெளி போட்டதற்காக மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.