நீக்கல் முறையில் எண்களின் பெருக்கம்

ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்க்கக் கௌஸின் நீக்கல் முறையைக் கையாளும்போது, இடையில் தோன்றும் எண்கள் முதற் குணகங்களைவிடப் பெரியனவாதல் உண்டு. இடையில் எழும் மிகப்பெரிய எண்ணை, தொடக்கத்திலிருந்த மிகப்பெரிய எண்ணால் வகுத்துப் பெறுவதே வளர்ச்சிக் காரணி. கணிப்பொறி ஏறத்தாழப் பதினாறு இலக்கங்களையே கொள்ளும். எனவே சிற்றெண்ணொன்றைப் பேரெண்ணோடு கூட்டுமிடத்துச் சிற்றெண்ணின் கடை இலக்கங்கள் உதிர்ந்துவிடும், அவை மீள்வதில்லை.

இதனைத் தடுக்க, ஒவ்வொரு படியிலும் அந்நிரலின் மிகப்பெரிய உறுப்புடைய நிரையை மேலே கொணர்வது வழக்கம். அப்போது எந்தப் பெருக்கியும் 1 ஐ விஞ்சாது. ஆகவே ஒரு படியில் எண் இருமடங்குக்கு மேல் வளராது. ஆயினும் n சமன்பாடுகளுக்கு n-1 படிகள் உள. எல்லை 2ⁿ⁻¹ ஆகிறது. அவ்வெல்லை உண்மையில் எட்டப்படுமா? வில்கின்சன் காட்டிய தாயத்தைக் காண்க:

```
 1  0  0  1
-1  1  0  1
-1 -1  1  1
-1 -1 -1  1
```

முதல் நிரலில் எல்லாம் அளவில் ஒன்றே, இடமாற்றத்துக்கு இடமில்லை. முதல் நிரையைக் கீழுள்ளவற்றோடு கூட்ட, கடைசி நிரல் 1, 2, 2, 2 ஆகும். அடுத்த படியில் 1, 2, 4, 4. இறுதியில் 1, 2, 4, 8. இவ்வடிவிலேயே 60 நிரைகள் அமைப்பின், கடைசி உறுப்பு 2⁵⁹. அஃது ஏறத்தாழ 5.8 × 10¹⁷. பதினாறு இலக்கங்களும் போயின. வலப்புறத்தில் பின்னங்கள் இருப்பின் விடை பயனற்றதாகிவிடும்.

இத்தகைய அச்சம் புதியதன்று. வழு 4ⁿ⁻¹ என்னும் அளவில் பெருகலாமென 1943 இல் ஹோட்டலிங் கணித்தார். ஆனால் 1946 இல் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் வில்கின்சன் முதலானோர் 18 சமன்பாடுகளை மேசைக் கணிப்பொறியில் தீர்த்தபோது விடை வியக்கத்தக்க துல்லியத்தோடு அமைந்தது.

காரணம் யாது? மேற்கண்ட தாயத்தில் ஒவ்வொரு பெருக்கியும் அளவில் சரியாக 1. ஒவ்வொரு கூட்டலும் ஒரே குறியில் விழுகின்றது. இயல்பாக எழும் தாயங்களில் பெருக்கிகள் பெரும்பாலும் 1 இனும் சிறியன; குறிகளும் கலந்திருத்தலின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தணிக்கும். எழுமாறாக எடுத்த தாயங்களில் வளர்ச்சி சராசரியாக n²ᐟ³ அளவினதே எனத் திரெபெத்தனும் சிரைபரும் 1990 இல் கணித்துக் காட்டினர். ஆயிரம் சமன்பாடுகளுக்கு அது 100 அளவு. இரண்டு இலக்கங்களே இழப்பு.

‘அரிது’ என்பது ‘இல்லை’ என்பதாகாது. எல்லை நிபந்தனையுள்ள வகையீட்டுச் சமன்பாடுகளைத் துண்டுதுண்டாகப் பிரித்துத் தீர்க்குமிடத்து இத்தகைய பெருக்கம் இயல்பாகவே எழக்கூடுமென ரைட் 1993 இல் காட்டினார். ஐயுற்றால், நீக்கி முடிந்த தாயத்தின் மிகப்பெரிய உறுப்பைத் தொடக்கத்தினதோடு ஒப்பிடுக. விடையையும் முதற் சமன்பாடுகளில் இட்டுப் பார்க்குக. நிரலையும் மாற்றி, எஞ்சிய தாயம் முழுவதிலும் பெரிய உறுப்பைத் தேர்ந்தால், மேற்கண்ட எடுத்துக்காட்டில் எண்கள் அளவில் 2 ஐத் தாண்டுவதில்லை. தேடும் உழைப்பு மிகுதலின், அதனை வேண்டியவிடத்து மட்டுமே கையாள்வர்.