ஆப்ஷனைத் திருப்பிக் கொடுத்தார், செலவு ஏன் ஏறியது?

இன்னைக்கு ஒரு செய்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2025 ஏப்ரலில் பேடிஎம் நிறுவனர் விஜய் சேகர் சர்மா, தனக்குக் கொடுத்திருந்த 2.1 கோடி ஸ்டாக் ஆப்ஷன்களை வேண்டாம்னு விட்டுக்கொடுத்தார். கம்பெனி பங்குச்சந்தைக்குக் கொடுத்த அறிவிப்பில் அதோட விளைவையும் சொல்லியிருந்தாங்க: 2024-25ஆம் நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் 492 கோடி ரூபாய் ஆப்ஷன் செலவு சேரும்.

வாங்கினதை ஒருத்தர் திருப்பித் தர்றார், கம்பெனிக்குச் செலவு ஏறுது. பேங்க்லேருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகலை. படிச்சதும் எனக்கு இது ஏதோ பக் மாதிரிதான் தெரிஞ்சுது. எனக்கும் நான் வேலை செய்யற இடத்தில் கொஞ்சம் ஆப்ஷன் இருக்கு. அதுக்குப் பின்னாடி கணக்குப் புத்தகத்தில் என்ன நடக்குதுன்னு அதுவரைக்கும் நான் யோசிச்சதே இல்லை. அதனால உட்கார்ந்து படிச்சேன். அந்த 492 கோடி புரியணும்னா முதலில் அடிப்படையைப் பார்த்துடணும்.

ஆப்ஷன்னா, பிற்காலத்தில் கம்பெனியோட பங்கை இன்னைக்கே முடிவு பண்ணின விலைக்கு வாங்கிக்கலாம்ங்கிற உரிமை. பங்கு விலை ஏறினா லாபம். ஏறலைன்னா அந்த உரிமையைப் பயன்படுத்தாம விட்டுடலாம்.

இப்போ ரெண்டு கம்பெனியைக் கற்பனை பண்ணுங்க. முதல் கம்பெனி இந்த மாதிரி ஆப்ஷன்களை வெளியாள் ஒருத்தருக்கு 4,80,000 ரூபாய்க்கு விக்குது. வந்த பணத்தை அப்படியே ஒரு இன்ஜினியருக்குச் சம்பளமா கொடுக்குது. சம்பளம் செலவுதான்னு எல்லாரும் ஒத்துக்குவாங்க. ரெண்டாவது கம்பெனி நடுவில் இருக்கிற ஆளை விட்டுட்டு, அதே ஆப்ஷன்களை நேரா இன்ஜினியர் கையில் கொடுக்குது.

கடைசியில் ரெண்டு கம்பெனியும் ஒரே இடத்தில்தான் நிக்குது. பேங்க் பேலன்ஸ் மாறலை, ஆப்ஷன் வெளியே போயிடுச்சு, வேலை கிடைச்சுது. ஒரு கம்பெனி 4,80,000 செலவு காட்டி, இன்னொண்ணு பூஜ்யம் காட்டினா, ஒரே விஷயத்துக்கு ரெண்டு கணக்கு ஆயிடும். அதனாலதான் ரெண்டுக்கும் செலவு எழுதணும்.

அப்போ அந்தச் செலவை யார் சுமக்கறாங்க? ஏற்கெனவே பங்கு வச்சிருக்கிறவங்க. 100 பங்கு இருக்கிற கம்பெனியில் உங்ககிட்ட 10 பங்கு இருந்தா, உங்களுக்கு 10 சதவீதம். ஊழியர்களுக்குப் புதுசா 10 பங்கு கொடுத்தா உங்க பங்கு 9.1 சதவீதம்தான். அந்தக் குறைஞ்ச துண்டுதான் இன்ஜினியருக்குப் போன கூலி.

கணக்குப் பதிவில் ரெண்டு வரி வரும். ஒரு பக்கம், லாப நட்டக் கணக்கில் ஊழியர் செலவு கூடும். மறுபக்கம், அதே தொகை பங்குதாரர் நிதிக்குள்ளேயே ஆப்ஷனுக்குன்னு இருக்கிற ஒரு தனிக் கணக்கில் ஏறும். லாபம் குறையறதால நிதி ஒரு பக்கம் குறையுது, இன்னொரு பக்கம் அதே அளவு கூடுது. மொத்த நிதி மாறாது. பணம் இந்தப் பதிவுக்குள்ளேயே வர்றதில்லை. அதனாலதான் பணப்புழக்க அறிக்கையில் இந்தத் தொகையைத் திரும்பக் கூட்டிக் காட்டுவாங்க.

எவ்வளவு, எப்போன்னு பார்ப்போம். நம்ம ஊர் லிஸ்டட் கம்பெனிகளுக்கு இதுக்கான விதி இண்ட் ஏஎஸ் 102. ஆப்ஷன் கொடுக்கிற அன்னைக்கு அதோட மதிப்பை பிளாக்-ஷோல்ஸ் மாதிரி ஒரு மாடலை வச்சுக் கணக்கிடுவாங்க. அந்த மதிப்பு அன்னைக்கே லாக் ஆயிடும். அப்புறம் பங்கு விலை ஏறினாலும் விழுந்தாலும் அதைத் திரும்பத் தொட மாட்டாங்க.

உங்களுக்கு 4,800 ஆப்ஷன், ஒண்ணோட மதிப்பு 100 ரூபாய், வருஷத்துக்கு 1,200 வீதம் நாலு வருஷத்தில் வெஸ்ட் ஆகுதுன்னு வச்சுக்குங்க. வருஷத்துக்கு 1,20,000 செலவுன்னுதான் நானும் நினைச்சேன். அப்படி வராது. ஒவ்வொரு 1,200-ம் தனித்தனிப் பொட்டலம். முதல் பொட்டலத்தைச் சம்பாதிக்க ஒரு வருஷம் உழைச்சாப் போதும், அதனால முழு 1,20,000-ம் முதல் வருஷத்திலேயே வந்துடும். ரெண்டாவதுக்கு ரெண்டு வருஷ உழைப்பு, அதில் பாதி, 60,000, முதல் வருஷத்துக்கு. மூணாவதில் மூணில் ஒரு பங்கு 40,000, நாலாவதில் கால் பங்கு 30,000.

கூட்டினா முதல் வருஷமே 2,50,000. அடுத்து 1,30,000, அப்புறம் 70,000, கடைசியில் 30,000. அமெரிக்க விதியில் சமமா பிரிச்சு எழுதவும் இடமுண்டு, இங்கே அது கிடையாது. அதனாலதான் பெரிய அளவில் ஆப்ஷன் கொடுத்த வருஷத்தில் நம்ம கம்பெனிகளோட நஷ்டம் திடீர்னு வீங்கித் தெரியும்.

இப்போ அந்தப் புதிருக்குத் திரும்பலாம். முதல் வருஷம் முடிஞ்சு, 1,200 வெஸ்ட் ஆனதும் நீங்க ராஜினாமா பண்றீங்க. மீதி மூணு பொட்டலத்துக்கும் சேர்த்து அதுவரைக்கும் எழுதின 1,30,000 ரிவர்ஸ் ஆயிடும், ஏன்னா அதுக்கான உழைப்பை நீங்க முடிச்சுக் கொடுக்கலை. வெஸ்ட் ஆனதோட 1,20,000 அப்படியே நிக்கும். அதை நீங்க கடைசிவரைக்கும் பயன்படுத்தாம விட்டாலும் செலவு திரும்பி வராது.

ஆனா நீங்க வேலையில் இருக்கும்போதே ஆப்ஷன் ரத்தானா கதை வேற. கம்பெனி ரத்து பண்ணினாலும் சரி, நீங்களே விட்டுக்கொடுத்தாலும் சரி, விதி அதை வெஸ்டிங்கை முன்னாடியே முடிச்சதாத்தான் எடுத்துக்கும். இன்னும் எழுதாம இருக்கிற 2,30,000 மொத்தமும் அன்னைக்கே செலவு. சர்மா விஷயத்தில் நடந்ததும் இதுதான். அடுத்த சில வருஷங்களில் வரவேண்டிய செலவு ஒரே காலாண்டில் வந்து இறங்கிடுச்சு. அந்த அளவுக்கு இனிமே வரப்போற செலவு குறையும்.

இவ்வளவு கறாரா ஏன் வச்சாங்க? பங்கு விலை பாதியா விழுந்துடுச்சுன்னு வைங்க. ஆப்ஷன் வெறும் காகிதம், ஆனா பழைய மதிப்பில் செலவு மட்டும் ஓடிட்டே இருக்கும். ரத்து பண்ணினா மீதிச் செலவு மறையும்னு இருந்தா, விலை விழும்போதெல்லாம் கம்பெனிகள் அதைத்தான் செய்வாங்க. அந்த வாசலைத்தான் இந்த விதி மூடுது.

அடுத்த முறை ஒரு கம்பெனி ‘ஈசாப் செலவுக்கு முந்தைய எபிட்டா’ன்னு ஒரு நம்பரைக் காட்டினா, அது பொய்ன்னு நினைச்சுடாதீங்க. கையில் பணம் எவ்வளவு வேகமா கரையுதுன்னு பார்க்க அது உதவும். ஆனா அந்தப் பங்கை வாங்கற எண்ணம் இருந்தா, ஆப்ஷன் செலவையும் சேர்த்த நம்பரைப் பாருங்க. பங்கு வாங்கின அன்னையிலேருந்து அந்தக் கூலியில் ஒரு பகுதி உங்க கணக்கிலிருந்துதான் போகுது.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.