இரு பாவை, ஒரு குரல்: மழலையர் கதைப் பனுவலில் குரல் வேறுபாட்டைக் குறிக்கும் முறை

தோற்பாவைக்கூத்தில் திரைக்குப் பின் அமரும் தலைமைக் கலைஞர் ஒருவரே இராமனுக்கும் இராவணனுக்கும் அனுமனுக்கும் குரல் கொடுப்பார். அவருக்குக் குரல் மரபு செவிவழியாகக் கைவந்தது. தாளில் எழுதிய குறிப்பு தேவைப்படுவதில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் வார இறுதி மழலையர் குழுவில் இரு கைகளிலும் பாவையை மாட்டிக்கொண்டு அமரும் பெற்றோருக்கு அத்தகைய பயிற்சி இல்லை. எனவே குரல் வேறுபாட்டைப் பனுவலிலேயே எழுதித் தரவேண்டியுள்ளது. மெல்பேர்ணில் ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்காக அணிலும் ஆமையும் வரும் நான்கு நிமிடக் கதையொன்றை அமைத்தபோது கண்டவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முதல் வரைவில் அணிலுக்கு ‘உயர்குரல், விரைவு’ என்றும் ஆமைக்குத் ‘தாழ்குரல், மந்தம்’ என்றும் மட்டுமே எழுதியிருந்தோம். மூன்று இடர்கள் தோன்றின. தாழ்குரலைக் கேட்ட சிறுகுழந்தை ஒன்று தாயின் மடிக்குள் முகம் புதைத்தது. நான்காம் உரையாடலுக்குள் இரு குரல்களும் ஒன்றாகிவிட்டன. மூன்றாவது இடர் மொழி சார்ந்தது, அதுவே கருதத்தக்கது.

ஆமை பழத்தை நீட்டி ‘எடு’ என்று சொல்லவேண்டும். மந்தமாகப் பேச முயன்றவர் எல்லா உயிரையும் ஒருசேர இழுத்தார். ‘எடு’ என்பது ‘ஏடு’ என ஒலித்தது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அதையே திருப்பிச் சொல்லிற்று. மறுபுறம், அணில் ‘பாடுங்கோ, தாத்தா’ என்று விரைந்து கேட்டபோது நெடில் குறுகிப் ‘படுங்கோ’ ஆயிற்று. பெரியோர் சிரித்தனர், ஆனால் வீட்டுக்கு வெளியே பெரிதும் ஆங்கிலமே கேட்டு வளரும் குழந்தைக்குக் குறில் நெடில் வேறுபாட்டைச் செவியில் பதிக்கும் வாய்ப்புகள் குறைவு. அவ்வாய்ப்பைப் பாவையே கெடுத்தல் தகாது.

தீர்வு இலக்கணத்திலேயே இருந்தது. அளபெடையில் நெட்டெழுத்தே நீளும். அதன் நீட்சியை இனக்குறில் எழுதிக் காட்டுவது மரபு. தொலைவில் உள்ளோரை விளிக்கும்போது ஓசை அளவிறந்து நீளுதலைத் தொல்காப்பிய விளிமரபும் கூறுகிறது. ஆகவே ஆமையின் மந்தத்தை நெடிலிலும், சொற்களுக்கு இடைப்பட்ட மௌனத்திலும் மட்டுமே வைத்தோம். குறில் தன் ஒரு மாத்திரையிலேயே நிற்கும். அணிலின் விரைவைச் சொல்லுக்குள் வைக்காமல், சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை நீக்குவதன் வழியே பெற்றோம். மௌனத்தைப் புள்ளியால் குறித்தோம். ஒரு புள்ளி ஒரு கைந்நொடி. கண்ணிமையும் கைந்நொடியும் மாத்திரைக்கு அளவாதலின், பெற்றோருக்கு இதனை விளக்குதல் எளிதாயிற்று.

திருத்திய பனுவலின் ஒரு பகுதி வருமாறு:

அணில் (வலக்கை): கீச் கீச்! தாத்தா-தாத்தா! பழம்-தாங்கோ!
ஆமை (இடக்கை): ம்ம்ம் . . வாஅஅ . . . இந்தாஅ . . எடு.
அணில் (வலக்கை): கீச் கீச்! பாடுங்கோ-தாத்தா!

சிறுகோடு இடைவெளியின்றிச் சொல்க என்பதன் குறி. ‘வாஅஅ’ நான்கு மாத்திரை பெறும். ‘எடு’ என்பதற்கு முன் இரு புள்ளிகள் இருப்பதால் அச்சொல் மந்தமாக வருவது போலவே தோன்றும், ஆனால் சிதைவதில்லை.

ஒவ்வொரு கூற்றின் தொடக்கத்திலும் வரும் ‘கீச் கீச்’, ‘ம்ம்ம்’ என்பன அழகுக்காகச் சேர்த்தவை அல்ல. பேசுவோர் தம் குரலை உரிய இடத்தில் நிறுத்திக்கொள்ள அவை உதவுகின்றன. மெய்யை நீட்டும் ‘ம்ம்ம்’ ஒற்றளபெடையை ஒத்தது. வாயை மூடி முனகும்போது குரல் தானாகவே தணிந்து மென்மையுறும். அச்சுறுத்திய தாழ்குரல் இதனால் மறைந்தது. அணிலுக்கோ தொண்டையை இறுக்கிய கீச்சுக்குரலைத் தவிர்த்து, புன்னகைத்த வாயோடு இயல்பினும் சற்றே உயர்த்திப் பேசச் சொன்னோம். மூக்கொலியாகப் பேசுவதை இரு பாத்திரங்களுக்கும் விலக்கினோம். அதில் மெல்லினமும் பிற ஒலிகளும் ஒன்றோடொன்று மயங்கும்.

விளியும் வினையும்கூடக் குரலைப் பிரித்தன. அணில் ‘தாங்கோ’, ‘பாடுங்கோ’ என மரியாதைப் பன்மையில் பேச, ஆமை ‘வா’, ‘எடு’ என ஒருமையில் மறுமொழி தருகிறது. பேரப்பிள்ளையும் தாத்தாவும் யாழ்ப்பாணத்து வீட்டில் பேசும் முறை இதுவே. குரல் சற்று வழுவினாலும் பேசுபவர் யாரென்பது இதனால் விளங்கும்.

குரல்கள் பிரிந்தனவா என்பதைக் குழந்தையின் கண்ணே காட்டும். பேசும் பாவையின் பக்கம் பார்வை திரும்பினால் குறிகள் பயன் தந்தன. பெற்றோரின் வாயையே பார்த்திருந்தால் குரல்கள் கலந்துவிட்டன, அல்லது பேசாத பாவையும் அசைந்திருக்கிறது. பின்னதே அடிக்கடி நேர்ந்தது. அதனால் பனுவலின் ஒவ்வொரு கூற்றிலும் கையின் பெயரை எழுதியதோடு, மற்றக் கை மார்பருகே அசைவின்றி நிற்கவேண்டும் என்ற குறிப்பையும் தலைப்பிலேயே சேர்த்தோம்.

மூன்றாவது பாத்திரமாகக் காகத்தைச் சேர்க்க முயன்று கைவிட்டோம். குரலைப் பிரிக்க முடிந்தது, கை இரண்டே.