மறைந்த ஸ்டோரி எங்கே போகிறது?

புது பைக்கின் ஆர்.சி. கார்டு கைக்கு வந்த சந்தோஷத்தில் அதைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி போடுகிறார் ஓர் இளைஞர். சற்று நேரத்தில் நண்பரிடமிருந்து செய்தி: “டேய், வீட்டு அட்ரஸ் தெரியுதுடா, எடுத்துடு.” இவரோ, “நாளைக்குத் தானா போயிடும்” என்று விட்டுவிடுகிறார்.

24 மணி நேரம் கழிந்ததும் ஸ்டோரி போய்விடும்தான், ஆனால் பார்ப்பவர்களின் கண்ணிலிருந்து மட்டும். 2017 டிசம்பர் முதல் இன்ஸ்டாகிராமில் ஆர்க்கைவ் என்றொரு வசதி இருக்கிறது. காலாவதியான ஸ்டோரிகளெல்லாம் அதில் தானாகவே சேர்ந்துவிடும். நாமாக அணைக்காதவரை அது இயங்கிக்கொண்டே இருக்கும். புரொஃபைலில் மேலே உள்ள மூன்று கோடுகளைத் தொட்டு Archive என்பதற்குள் போனால், பல வருடத்து ஸ்டோரிகள் தேதிவாரியாகக் கிடக்கும். நம்மைத் தவிர வேறு யாராலும் அதைப் பார்க்க முடியாது. ஆனால் நம் பாஸ்வேர்டு கிடைத்தவரும், லாக்-அவுட் செய்யாமல் நாம் விற்ற பழைய போனை வாங்கியவரும் அந்தக் கணக்கில் ‘நாம்’தான்.

அந்த ஆர்.சி. படத்தை இப்போது அழிக்க வேண்டுமென்றால் ஆர்க்கைவில் அதைத் திறந்து Delete கொடுக்க வேண்டும். அப்போதும் வேலை முடியவில்லை. படம் Recently deleted என்ற குப்பைக்கூடைக்குப் போய் 30 நாள் வரை இருக்கும், நினைத்தால் மீட்டும் எடுக்கலாம். உடனே ஒழிய வேண்டுமானால், Your activity பகுதி வழியாக அங்கே போய் இன்னொரு முறை அழிக்க வேண்டும். நண்பர் சொன்ன அன்றே அழித்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. ஆர்க்கைவுக்குப் போய்ச் சேராத ஸ்டோரி அந்தக் கூடையில் அதிகபட்சம் 24 மணி நேரம்தான் தங்கும்.

பலரும் தடுமாறுவது ஹைலைட்டில். புரொஃபைலில் வட்டமாகத் தெரியும் ஹைலைட்டிலிருந்து ஒரு படத்தை நீக்கினால் அந்த வட்டத்திலிருந்து மட்டும்தான் போகும், ஆர்க்கைவில் அப்படியே இருக்கும். ஆர்க்கைவில் அழித்தாலோ இரண்டு இடத்திலும் காணாமல் போகும். கல்யாண ஆல்பம் மாதிரி ஹைலைட் வைத்திருப்பவர்கள் ஆர்க்கைவைச் சுத்தம் செய்யும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இனிமேல் எதுவும் சேரவே வேண்டாம் என்பவர்கள் செட்டிங்ஸில் Save story to archive என்பதை அணைத்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே சேர்ந்தவை அதனால் அழியாது, அவற்றை நாமேதான் அழிக்க வேண்டும். ஸ்டோரியை போன் கேலரியிலும் சேமிக்கும் வசதி தனியாக இருக்கிறது. அதை ஆன் செய்து வைத்திருந்தால் ஆர்.சி. கார்டின் இன்னொரு பிரதி கேலரியிலும் இருக்கும். ஸ்டோரியை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தாரா என்பதை இன்ஸ்டாகிராம் நமக்குச் சொல்வதில்லை.