வீடு முழுக்க ஒரே நிறக் குடும்பம்: தேர்வு தரையிலிருந்து தொடங்கட்டும்

சிலிம் ரிவர் – தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வீட்டிற்குச் சாயம் அடிக்கும் பேச்சு தொடங்கிவிடும். ஹாலுக்கு அப்பா ஒரு நிறம் சொல்வார், சமையலறைக்கு அம்மா ஒன்று, அறைகளுக்குப் பிள்ளைகள் ஆளுக்கொன்று. தோட்டத்து லயன் வீட்டில் இதனால் பெரிய தொல்லை வந்ததில்லை. அங்கே அறைகள் குறைவு, பெரும்பாலும் சுண்ணாம்பு வெள்ளைதான். பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் நிலைமை வேறு. 700 சதுர அடிக்குள் ஹால், சமையலறை, மூன்று அறைகள். வாசலில் நின்றாலே திறந்த கதவுகள் வழியாக மூன்று நான்கு சுவர்கள் ஒன்றாகக் கண்ணில் படும். அங்கே நான்கு நிறங்கள் ஒன்றையொன்று தள்ளினால், சிறிய வீடு இன்னும் சிறியதாகத் தெரியும்.

இதற்கு எல்லாச் சுவருக்கும் ஒரே நிறம் அடிப்பதுதான் வழி என்பதில்லை. எல்லா நிறங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் போதும். அந்தக் குடும்பத்தை முடிவு செய்வது கடையில் உள்ள நிற அட்டை அல்ல, வீட்டில் மாற்ற முடியாத பொருள்கள்தான். தரை டைல்ஸ், சமையலறைச் சுவர் டைல்ஸ், கதவு, சன்னல் சட்டம், இப்போதைக்கு மாற்றப் போவதில்லை என்றால் சோபாவும்கூட. சாயத்தை அடுத்த ஆண்டும் மாற்றலாம். தரையை உடைத்து மாற்றுவது எளிதல்ல.

இந்தப் பொருள்களில் பார்க்க வேண்டியது உள்நிறம். வெள்ளை, கிரீம், சாம்பல் என்று நாம் சொல்லும் எல்லா நிறத்திற்குள்ளும் கொஞ்சம் மஞ்சளோ, இளஞ்சிவப்போ, நீலமோ, பச்சையோ கலந்திருக்கும். தனியாகப் பார்த்தால் அது தெரியாது. ஒரு சுத்தமான வெள்ளைத் தாளைத் தரை டைல்ஸ் மேல் வைத்துப் பாருங்கள். தாளுக்குப் பக்கத்தில் டைல்ஸ் மஞ்சளாகத் தெரிகிறதா, சிவந்து தெரிகிறதா, நீலமாகத் தெரிகிறதா என்பது உடனே புலப்படும். கடையில் வாங்கும் நிற அட்டைக்கும் ஒரு வழி உண்டு. ஒரே பட்டையில் மேலிருந்து கீழாக நிறம் அடர்ந்துகொண்டே போகும். அடியில் உள்ள அடர்நிறத்தைப் பார்த்தால், மேலே உள்ள வெளிர்நிறத்திற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பல வீடுகளில் கோளாறு நடப்பது இங்கேதான். மஞ்சள் கலந்த கிரீம் டைல்ஸ் தரைக்கு மேல் நீலம் கலந்த 'பளிச்' வெள்ளையைச் சுவருக்கு அடிக்கிறார்கள். சுவர் புதிதாக இருக்கும், ஆனால் தரை அழுக்காகத் தெரியும். எவ்வளவு துடைத்தாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கே இல்லை. இரண்டு உள்நிறங்கள் மோதுகின்றன, அவ்வளவுதான்.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். தரை கிரீம் டைல்ஸ், கதவுகள் பழுப்பு, சோபா மெரூன். ஹாலில் சாமி மேடை இருக்கிறது. அங்கே மஞ்சளும் குங்குமச் சிவப்பும் எப்போதும் இருக்கும். இவை எல்லாமே சூடான நிறங்கள். ஆகவே வீட்டின் குடும்பமும் மஞ்சள் உள்நிறம் கொண்டதாக இருக்கட்டும். ஐந்து நிறங்கள் போதும். கூரைக்கு இலேசான மஞ்சள் கலந்த வெள்ளை. ஹால், நடைபாதை, சமையலறைச் சுவர்களுக்கு வெளிர் கிரீம். பெரியவர்கள் அறைக்கு அதே பட்டையில் இரண்டு படி அடர்ந்த நிறம். பச்சை வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளின் அறைகளுக்கு, மஞ்சள் கலந்த மங்கலான இளம்பச்சை. ஐந்தாவதான மெரூனைச் சுவரில் அடிக்க வேண்டாம். திரைச்சீலையிலும் தலையணை உறையிலும் வந்தால் போதும். அந்த மெரூன் ஒவ்வோர் அறையிலும் ஓரிடத்திலாவது தலைகாட்டினால், அறைக்கு அறை நிறம் மாறினாலும் தொடர்ச்சி அறுபடாது.

நிறங்களை இப்படி முன்கூட்டியே சேர்த்து வைத்துத் தேர்ந்தெடுப்பது புது யோசனை அல்ல. இந்தியாவின் சண்டிகர் நகரை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே, சுவிட்சர்லாந்தின் சலுப்ரா சுவர்த்தாள் நிறுவனத்திற்காக 1931-இல் 43 நிறங்களைத் தொகுத்தார். அவற்றை ஒன்றோடொன்று பொருந்தும் வகையில் அட்டைகளில் அடுக்கி, துளையிட்ட இன்னோர் அட்டையையும் சேர்த்துக் கொடுத்தார். அதை மேலே வைத்து நகர்த்தினால் மற்ற நிறங்கள் மறைந்து, சேர வேண்டிய சில நிறங்கள் மட்டும் தெரியும். வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு வெள்ளை அட்டையில் இரண்டு சதுரத் துளைகளை வெட்டி நிறப்பட்டைகள் மேல் வைத்தால், பக்கத்து நிறங்கள் கண்ணைக் குழப்பாது.

ஆனால் சிறிய அட்டையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. நான்கு சுவர்களிலும் அடித்தபின் நிறம் ஒன்றின்மேல் ஒன்று பட்டுத் தெறித்து, அட்டையில் பார்த்ததைவிட அடர்த்தியாகத் தெரியும். அதனால் பிடித்த நிறத்தைவிட ஒரு படி வெளிரிய நிறமே பெரும்பாலும் சரியாக வரும். கடையில் கிடைக்கும் மிகச் சிறிய டின்னை வாங்கி, பெரிய அட்டை ஒன்றில் இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்தபின் தெரியும் நிறம் வேறு. காய்ந்த அட்டையைத் தரையைத் தொடும்படி சுவரில் சாய்த்து வைத்து, காலையிலும் மாலை 4 மணிக்கும் இரவில் விளக்கு போட்டபிறகும் பாருங்கள்.

விளக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் விளக்கு நீலம் கலந்த வெள்ளை ஒளி தரும். 3000 கெல்வின் என்றால் மஞ்சள் ஒளி. ஹாலில் ஒன்று, பக்கத்து அறையில் மற்றொன்று என்று மாட்டினால், ஒரே டின் சாயம் இரண்டு வேறு நிறமாகத் தெரியும். ஆகவே கண்ணில் ஒன்றாகப் படும் அறைகளுக்கு ஒரே எண் கொண்ட விளக்கு போடுவது நல்லது.

ஒரே நிறக் குடும்பத்தில் செலவும் அடங்குகிறது. ஒரு லிட்டர் சாயம், ஒரு முறை பூச ஏறத்தாழ 100 சதுர அடிக்கு வரும். 16 அடி நீளம், 13 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள ஹாலின் நான்கு சுவர்கள் 522 சதுர அடி. கதவு, சன்னல்களுக்குச் சுமார் 100 கழித்தால் ஏறக்குறைய 420. இரண்டு முறை பூச 8.4 லிட்டர் வேண்டும். டைல்ஸ் போக நடைபாதையும் சமையலறையும் சேர்ந்து 300 சதுர அடி என்றால் இன்னும் 6 லிட்டர். ஆக, 18 லிட்டர் டிரம் ஒன்றே மூன்று இடங்களுக்கும் போதும். மிச்சம் மூன்று லிட்டருக்கு மேல் இருக்கும், பின்னால் கறை படிந்த இடங்களைச் சரிசெய்ய உதவும். சமையலறையை மனத்தில் வைத்து, துடைத்துக் கழுவக்கூடிய ரகமாகவே வாங்கிவிடலாம்.

டிரம்முக்குப் பதிலாகப் பல சிறிய டின்களாக வாங்கினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் இயந்திரம் கலந்து தரும் சாயம் டின்னுக்கு டின் இலேசாக மாறக்கூடும். எல்லா டின்களையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிய பிறகு அடிக்கத் தொடங்கினால், சுவரின் பாதியில் நிறம் மாறாது.

வாடகை வீடாக இருந்து, உரிமையாளர் சுவரைத் தொட அனுமதிக்கவில்லை என்றாலும் இதே முறை பயன்படும். இருக்கும் சுவரின் உள்நிறத்தைத் தாள் வைத்துக் கண்டுபிடித்து, அதே குடும்பத்தில் திரைச்சீலை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு வாங்கலாம்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு நிறத்தின் எண்ணையும், சாயத்தின் ரகத்தையும், எந்த அறையில் அடித்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்து ஒரு சுவரை மட்டும் புதுப்பிக்க வேண்டிவந்தால், அந்தத் தாளோடு கடைக்குப் போனால் போதும்.