லோன் கிடைக்கவில்லை, அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

"லோனுக்கு நாங்க பொறுப்பு சார், நீங்க புக் பண்ணுங்க" என்று ஷோரூமில் சொன்னதை நம்பி ஒருவர் காருக்கு ரூ.20,000 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய கடன் பாக்கியைக் காட்டி வங்கி கைவிரித்துவிடுகிறது. பணத்தைத் திரும்பக் கேட்டால், "கேன்சலேஷன் சார்ஜ் ஐயாயிரம் போக மீதி தர்றோம்" என்கிறார்கள்.

அந்த ஐயாயிரம் எதற்கு? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். புக்கிங் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் பிடித்தம் பற்றி இருக்கும், கையெழுத்தும் போட்டிருப்போம். ஆனாலும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான் என்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம். நட்டமே இல்லாத இடத்தில் இந்தப் பிரிவின்படி இழப்பீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

நம் பெயருக்கு சேஸிஸ் நம்பர் ஒதுக்கி, இன்சூரன்ஸும் ரிஜிஸ்ட்ரேஷனும் போட்டுவிட்டார்கள் என்றால் டீலருக்குச் செலவு உண்டு. அதைக் கழிப்பது நியாயம். வண்டி இன்னும் யார்டில் நிற்கிறது, அடுத்த வாரமே வேறொருவருக்கு விற்றுவிடலாம் என்றால் பிடித்தத்துக்கு என்ன கணக்கு?

வாயால் கேட்டால் "அக்கவுன்ட்ஸ்ல சொல்லிட்டேன்" என்று நாளைக் கடத்துவார்கள். எழுதிக் கொடுங்கள்: "இன்ன தேதியில், இன்ன ரசீது எண்ணில் ரூ.20,000 செலுத்தினேன். வாகனக் கடன் மறுக்கப்பட்டதால் புக்கிங்கை ரத்து செய்கிறேன். முழுத் தொகையையும் 15 நாளுக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தவும். பிடித்தம் இருந்தால் செலவு விவரத்தை எழுத்தில் தரவும்." வங்கியின் மறுப்புக் கடிதத்தின் நகலையும் இணைக்க வேண்டும். மறுப்புக்கான காரணத்தை வங்கிகள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஃபைனான்ஸ் ஆள் போனில் சொன்னது போதாது, கேட்டு வாங்குங்கள். கடித நகலில் ஷோரூம் சீலும் தேதியும் பெறுங்கள். அசல் ரசீதைக் கேட்டால், ஜெராக்ஸில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். விற்பனையாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் போட்டிருந்தால்தான் சிக்கல்: டீலர் பெயரில் ரசீது இருக்காது, "எங்களுக்கு வரவே இல்லை" என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

கெடு முடிந்தும் பணம் வராவிட்டால், வாகன நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் புகார் கொடுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இனி புக் செய்யப் போகிறவர்கள் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." அதற்குக் கீழே மேனேஜர் கையெழுத்துப் போட்ட பிறகு பணம் கட்டுங்கள்.