மாவு பாக்கெட்டும் பதினெட்டாவது ரிட்டர்னும்

தொழில் வாய்ப்பு பெரும்பாலும் ஒரு குறையாகத்தான் முதலில் கண்ணில் படும். அந்தக் குறையோடு மக்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் அதன் அடையாளம். 2005ஆம் ஆண்டுக்கு முன்பே பெங்களூருவின் மளிகைக் கடைகளில் இட்லி மாவு விற்றது. சாதாரண பாலிதீன் பையில் ஊற்றி, வாயை ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருப்பார்கள். எந்த அரிசி, என்றைக்கு அரைத்தது என்று எதுவும் தெரியாது. குறை சொல்லிக்கொண்டே மக்கள் வாங்கிப் போனார்கள். வயநாட்டைச் சேர்ந்த பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் கவனித்தது இதைத்தான். ஐம்பது சதுர அடிச் சமையலறையில் அவர்கள் தொடங்கிய தொழில்தான் ஐடி ஃபிரெஷ் ஃபுட்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யாருமே விற்காத பொருளைத் தேடி அவர்கள் போகவில்லை. பிடிக்காமலே காசு கொடுத்து வாங்கும் வழக்கம் இருக்கிறது என்றால், தேவை உண்மையானது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ‘இப்படி ஒன்று இருந்தால் வாங்குவீர்களா?’ என்று கேட்டால் மரியாதைக்காகப் பலரும் ஆமாம் என்பார்கள். ‘இப்போது இதற்கு என்ன செய்கிறீர்கள், போன வாரம் எவ்வளவு செலவானது?’ என்று கேட்டால் நடந்ததைச் சொல்லுவார்கள். வாய்ப்பைத் தேடுபவர் குறித்துக்கொள்ள வேண்டியது இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை.

குறை தெரிந்த பிறகு, அதைத் தீர்க்கும் வழி ஒன்றுதான் என்று நினைத்துவிடுவது வழக்கமான தவறு. முதலில் தோன்றும் யோசனை எல்லோருக்கும் தோன்றுவதாகவே இருக்கும். நாலு பேர் கூடி உட்கார்ந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிப் பட்டியலிடும் முறையை அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் பரப்பினார். ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நாலு பேரைத் தனித்தனியாக யோசிக்கச் சொல்லிப் பிறகு சேர்த்துப் பார்த்தால், யோசனைகள் அதிகமாகக் கிடைத்தன. கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதும், பிறர் என்ன நினைப்பாரோ என்ற தயக்கமும் இதற்குக் காரணங்கள். முதலில் தனியாக எழுதி, பிறகு கூடிப் பேசுவது நல்லது.

தனியாக யோசிக்கும்போது கைகொடுப்பது, ஆஸ்பர்ன் எழுதிவைத்த கேள்விகளை 1971இல் பாப் எபர்லே தொகுத்த ‘ஸ்கேம்பர்’ என்னும் வரிசை. ஒரு பொருளில் எதையாவது மாற்றிப் போடலாமா, வேறொன்றோடு சேர்க்கலாமா, இன்னொரு துறையின் வழக்கத்தைக் கொண்டுவரலாமா, பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியுமா, வேறு பயனுக்குத் தரலாமா, ஏதாவது ஒன்றை நீக்கிவிடலாமா, வரிசையைத் தலைகீழாக்கலாமா என்று ஏழு திசையில் அது கேட்கிறது. கடலூரிலிருந்து வந்த சிறு ஷாம்பு பாக்கெட், ‘சிறிதாக்கினால்?’ என்ற ஒரே கேள்விக்குக் கிடைத்த விடை. பாட்டில் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் ஷாம்பு போய்ச் சேர்ந்தது அதனால்தான்.

யோசனைகள் சேர்ந்ததும் சலிக்க வேண்டும். முழுத் திட்ட அறிக்கை எழுதுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு உழைத்து எழுதியதைக் கைவிட மனம் வராது. ஆகவே அதற்கு முன்பே ஒரு பக்கக் கணக்கில் யோசனையை நிறுத்திப் பார்க்க வேண்டும். தேவை நிஜமா, போட்டியில் நம்மால் நிற்க முடியுமா, இதில் மிஞ்சுமா என்ற மூன்று கேள்விகள் போதும். முதல் இரண்டும் விசாரித்தால் ஓரளவு தெரிந்துவிடும். பலரும் மேலோட்டமாகத் தாண்டிப் போவது மூன்றாவதை.

சிறிய ஊர் ஒன்றில் மாவு பாக்கெட் போட நினைப்பவரின் கணக்கைப் பார்க்கலாம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். இவை உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. ஒரு கிலோ மாவுக்கு அரிசியும் உளுந்தும் 25 ரூபாய், உப்பு, வெந்தயம், மின்சாரம், கவர் எல்லாம் 7 ரூபாய், ஆக 32 ரூபாய் அடக்கம். கடையில் விலை 60 ரூபாய். கடைக்காரர் கமிஷன் 9 போக, கைக்கு வருவது 51. பாக்கெட்டுக்கு 19 ரூபாய் நிற்கும் என்று பார்த்ததும் உற்சாகம் வந்துவிடும். நாளுக்கு 100 பாக்கெட் என்றால் 1900 ரூபாய். உதவியாள் சம்பளம், பெட்ரோல், வாடகை என்று ஆயிரம் ரூபாய் போனாலும் 900 மிஞ்சும்.

ஆனால் அரைத்த மாவு பையில் அடைத்த பிறகும் புளித்துக்கொண்டே இருக்கும். கடையின் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்றால், அல்லது இரவில் அதை அணைத்து வைத்தால், பாக்கெட் உப்பிவிடும். விற்காததைக் கடைக்காரர் திருப்பித் தருவார். அதன் அடக்க விலையும் மாவு போட்டவர் தலையில்தான். நூறு பாக்கெட் அரைக்க 3200, மற்ற செலவு 1000, மொத்தம் 4200 ரூபாய். 83 பாக்கெட் விற்றால் 4233 ரூபாய் வந்து கட்டிப்போகும். 82 விற்றால் 4182தான். அதாவது பதினேழு திரும்பும்வரை தாங்கும், பதினெட்டாவது திரும்பினால் நஷ்டம். இந்தத் தொழிலின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது அரிசி விலையைவிட இந்த எண்தான்.

சலிப்பதன் பெரிய பயன் இங்கேதான் இருக்கிறது. எங்கே ஓட்டை என்று தெரிந்ததும், ஸ்கேம்பர் கேள்விகளை அந்த இடத்தில் மட்டும் மறுபடி கேட்கலாம். வரிசையைத் தலைகீழாக்கினால்? முதல் நாள் இரவே ஆர்டர் வாங்கி, வேண்டிய அளவுக்கு மட்டும் அரைக்கலாம். ரிட்டர்ன் ஏறக்குறைய இல்லாமல் போகும், ஆனால் வீடு வீடாகக் கொண்டுபோகும் செலவு கூடும். வேறு பயன்? நன்றாக இருந்து சற்றே புளித்த மாவை, மாலையில் பணியாரமும் ஊத்தப்பமும் போடும் கடைக்கு, இன்ன தேதியில் அரைத்தது என்று சொல்லிக் குறைந்த விலைக்குத் தரலாம். சிறிதாக்கினால்? அரைக் கிலோ பாக்கெட் இருவர் மட்டும் உள்ள வீட்டுக்குப் பொருந்தும், ஆனால் கவர் செலவு கிலோவுக்கு இரண்டு மடங்காகும். ஒவ்வொரு வழிக்கும் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

காகிதத்தில் நின்றதைத் தெருவில் சோதிப்பது கடைசிப் படி. பெரிய கிரைண்டர் வாங்கக் கடன் எடுப்பதற்கு முன், உணவுப் பாதுகாப்புப் பதிவை முடித்துக்கொண்டு, வீட்டுக் கிரைண்டரிலேயே அரைத்து இரண்டு கடைகளில் நாளுக்கு இருபது பாக்கெட் வீதம் மூன்று வாரம் வைத்துப் பார்க்கலாம். முதல் வாரத்து விற்பனையை நம்ப வேண்டாம்; புதுசு என்று வாங்குபவர்கள், உறவுக்காக வாங்குபவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். அதே வீடு இரண்டாம் முறை வாங்கியதா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். எந்தக் கிழமை எத்தனை திரும்பியது என்பதையும் எழுத வேண்டும். வார நடுவில் மாவு கேட்பவர் குறைந்து, சனிக்கிழமை மாலை போதாமல் போவது தெரிந்தால், தினமும் ஒரே அளவு அரைப்பதே ரிட்டர்னுக்குக் காரணம் என்று புரியும்.

எந்த எண் வந்தால் கைவிடுவது என்பதைச் சோதனைக்கு முதல் நாளே எழுதி ஒருவரிடம் கொடுத்துவிடுவது அவசியம். இருபதில் மூன்றுக்கு மேல் திரும்பினால் இந்த வழி வேண்டாம் என்று எழுதியிருந்தால், நான்கு திரும்பும் நாளில் ‘அன்றைக்கு மழை’ என்று மனம் சமாதானம் சொல்வது குறையும். அதே சமயம் அவசரமும் ஆகாது. ஐடி ஃபிரெஷ் ஃபுட் நாளுக்கு 100 பாக்கெட் விற்பனையை எட்டவே ஒன்பது மாதம் பிடித்தது. மூன்று வாரத்தில் பார்க்க வேண்டியது எவ்வளவு விற்றது என்பதை அல்ல. வாங்கியவர் திரும்பி வருகிறாரா, கடைக்குப் போன பாக்கெட் திரும்பி வராமல் இருக்கிறதா என்பதையே. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு முழுத் திட்ட அறிக்கை எழுத உட்கார்ந்தால், விற்பனை மதிப்பீடு என்ற பக்கத்தில் எழுதுவதற்குக் கையில் மெய்யான எண்கள் இருக்கும்.